கிருஷ்ணகிரி ஜவுளிக்கடை ஒன்றின் மாத விற்பனை முன்கணிப்பு: நகரும் சராசரியும் பருவகாலச் சோதனையும்

புள்ளியியல் செமஸ்டர் செயல்திட்ட அறிக்கை, ஜனவரி 2025

எடுத்துக்கொண்ட கேள்வி

கிருஷ்ணகிரி நகரில் உள்ள நடுத்தர ஜவுளிக்கடை ஒன்றின் 36 மாத விற்பனையை வைத்து, 2025 ஜனவரி முதல் ஜூன் வரை மாதவாரியாக எவ்வளவு விற்கும் என்று கணிப்பது இந்த அறிக்கையின் வேலை. கடைக்காரருக்கு இது சரக்கு எடுக்கும் கணக்கு. ஈரோட்டுக்கும் சூரத்துக்கும் ஆர்டர் கொடுக்கும்போது மாத விற்பனை 15 லட்சமா 25 லட்சமா என்று தெரியாவிட்டால், ஒன்று சரக்கு தேங்கும், இல்லையென்றால் பண்டிகை வாரத்தில் அலமாரி காலியாகும்.

தரவு

பில் போடும் மென்பொருளிலிருந்து மாத மொத்தம் எடுக்கப்பட்டது. ஜிஎஸ்டி சேர்க்காத தொகை, திரும்பி வந்த துணியின் மதிப்பைக் கழித்த பிறகு. வரியோடு எடுத்தால் கணக்கு கோணும்: இந்த மூன்று ஆண்டுகளிலும் 1000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் வரி இருந்ததால், பண்டிகை மாதத்தில் விலை கூடிய துணி அதிகம் போகும்போது விற்பனை கூடுதலாக ஊதிக் காட்டும்.

விற்பனை (லட்சம் ரூபாயில்):

| மாதம் | 2022 | 2023 | 2024 |
|---|---|---|---|
| ஜனவரி | 20.4 | 22.0 | 24.6 |
| பிப்ரவரி | 12.1 | 12.9 | 13.2 |
| மார்ச் | 12.8 | 13.5 | 15.4 |
| ஏப்ரல் | 15.2 | 16.4 | 18.1 |
| மே | 18.0 | 19.5 | 19.8 |
| ஜூன் | 16.5 | 17.6 | 19.9 |
| ஜூலை | 18.9 | 20.1 | 20.6 |
| ஆகஸ்ட் | 17.3 | 18.8 | 21.3 |
| செப்டம்பர் | 15.6 | 16.2 | 17.0 |
| அக்டோபர் | 41.0 | 22.4 | 46.3 |
| நவம்பர் | 13.2 | 36.6 | 16.0 |
| டிசம்பர் | 15.0 | 16.0 | 16.8 |
| மொத்தம் | 216.0 | 232.0 | 249.0 |

ஆண்டு மொத்தம் இரண்டு முறையும் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. போக்கில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் அக்டோபர், நவம்பர் வரிசைகளில் இருக்கிறது.

மூன்று மாத நகரும் சராசரி ஏன் போதவில்லை

கடந்த மூன்று மாதங்களைக் கூட்டி மூன்றால் வகுத்து அடுத்த மாதத்துக்கு வைப்பதுதான் எளிய முறை. 2024 அக்டோபருக்கு இது (20.6 + 21.3 + 17.0) / 3 = 19.6 லட்சம் என்கிறது, விற்றது 46.3. நவம்பருக்கு 28.2 என்கிறது, விற்றது 16.0. தீபாவளிக்கு முன் குறைத்துச் சொல்லி, தீபாவளி முடிந்த பிறகு கூட்டிச் சொல்கிறது. பின்னால் பார்த்தே நடக்கும் முறைக்குப் பருவகாலம் தெரியாது. 2024-ன் 12 மாதங்களுக்கும் சேர்த்து, குறியை விட்டுப் பார்த்த சராசரிப் பிழை 6.40 லட்சம். மாத சராசரி விற்பனையே 20.75 லட்சம் என்னும்போது இது பெரிய பிழை.

ஜனவரிக்கு இந்த முறை 25.0 என்று சொல்லி, 24.6-க்கு மிக அருகில் வந்தது. அதை முறையின் வெற்றியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தீபாவளி விற்பனை சராசரியில் தங்கியிருந்த நேரத்தில் பொங்கல் வந்து சேர்ந்தது, அவ்வளவே.

12 மாத மையப்படுத்திய நகரும் சராசரி

பருவகாலத்தை நீக்கிப் போக்கை மட்டும் பார்க்க, சாளரம் 12 மாதமாக இருக்க வேண்டும். 12 இரட்டைப்படை என்பதால் சராசரியின் நடு இரண்டு மாதங்களுக்கு இடையில் விழுகிறது. அடுத்தடுத்த இரண்டு சராசரிகளை மறுபடி சராசரி எடுத்தால் அது ஒரு மாதத்தின் மேல் சரியாக உட்காரும். விரிதாளில் B2 முதல் B37 வரை விற்பனை இருந்தால், முதல் மதிப்பு ஜூலை 2022-க்கு எதிரே, 8-ஆம் வரிசையில் வரும்:

```
C8:  =(AVERAGE(B2:B13)+AVERAGE(B3:B14))/2
D8:  =B8/C8*100
```

இந்தச் சூத்திரத்தை 31-ஆம் வரிசை வரை (ஜூன் 2024) மட்டுமே இழுக்க வேண்டும். அதற்குக் கீழே இழுத்தால் பிழை எதுவும் காட்டாது. `AVERAGE` காலி அறைகளை விட்டுவிட்டு, இருக்கிற 11 மாதத்துக்கோ 10 மாதத்துக்கோ சராசரி போட்டுக் கொடுக்கும். எண் நம்பும்படிதான் இருக்கும், ஆனால் தவறு.

தீபாவளி எங்கே போனது

பாடநூல் முறைப்படி இதோடு பருவகால விகிதங்களுக்கு, அதாவது மாத விற்பனை அந்தச் சராசரியில் எத்தனை சதவீதம் என்று D நெடுவரிசை தரும் எண்களுக்குப் போய்விடலாம். அப்படிப் போனபோது ஏப்ரல், மே விகிதங்கள் ஒத்துவரவில்லை. மே 2023-க்கு 106.7, மே 2024-க்கு 91.9. ஒரே மாதம், ஒரே கடை, கிட்டத்தட்ட 15 புள்ளி வித்தியாசம்.

காரணம் மே மாதத்தில் இல்லை. தீபாவளி 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. ஆகவே நவம்பர் 2022 முதல் அக்டோபர் 2023 வரையிலான 12 மாதத்துக்குள் ஒரு தீபாவளிகூட வரவில்லை. அதன் மொத்தம் 207.6, அதற்கு முந்தைய சாளரத்தின் மொத்தம் 226.2, பிந்தையது 231.0. மறுபக்கம், நவம்பர் 2023 முதல் அக்டோபர் 2024 வரையிலான சாளரத்தில் இரண்டு தீபாவளி விழுந்துவிட்டது; அதன் மொத்தம் 268.8. இந்த இரண்டு சாளரங்களின் நடுவும் ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் இடையில் அமைவதால், ஐப்பசியில் நடந்த இடமாற்றம் சித்திரைக் கணக்கைக் கெடுத்திருக்கிறது. 12 மாதச் சராசரி பருவகாலத்தை நீக்கும் என்பது, பண்டிகை ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் வந்தால்தான் உண்மை. பொங்கலும் ஆடியும் சூரிய நாட்காட்டியைச் சேர்ந்தவை, அசைவதில்லை. தீபாவளி திதியைப் பார்த்து வருவது.

திருத்தம் இப்படிச் செய்யப்பட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 54.2, 59.0, 62.3 என்று சீராக ஏறுகிறது. தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்த ஆண்டுகளில் இந்தக் கூட்டுத்தொகையில் அக்டோபரின் பங்கு 75.6 சதவீதம் (2022), 74.3 சதவீதம் (2024). சராசரி 75. அதை 2023-ன் 59.0-க்குப் பொருத்தினால் அக்டோபர் 44.3, நவம்பர் 14.7. மொத்தம் மாறவில்லை, இரண்டு மாதத்துக்குள் இடம்தான் மாறியது. மூலத் தரவு ஒரு தாளிலும் திருத்திய தரவு வேறொரு தாளிலும் வைக்கப்பட்டன.

திருத்திய பிறகு மே விகிதங்கள் 101.6, 96.0. ஏப்ரல் 86.4, 88.3. வித்தியாசம் இன்னும் இருக்கிறது, ஆனால் நம்பக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது.

பருவகாலம் உண்மையிலேயே இருக்கிறதா

வரைபடத்தைப் பார்த்து "இருக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், நிரூபணம் ஆகாது. ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் 12 மாதங்களுக்குத் தரம் போட்டு ஃபிரீட்மன் சோதனை செய்யப்பட்டது. குறைந்த விற்பனைக்கு 1, அதிகத்துக்கு 12. தரக் கூட்டுத்தொகை: ஜனவரி 33, பிப்ரவரி 3, மார்ச் 6, ஏப்ரல் 17, மே 25, ஜூன் 22, ஜூலை 29, ஆகஸ்ட் 26, செப்டம்பர் 16, அக்டோபர் 36, நவம்பர் 9, டிசம்பர் 12. இவற்றின் வர்க்கங்களின் கூட்டல் 5826.

```
12/(3*12*13) * 5826 - 3*3*13 = 32.38
```

கட்டற்ற பாகை 11-க்கு 1 சதவீத மட்டத்தில் கை வர்க்க மதிப்பு 24.72. கணக்கிட்ட மதிப்பு அதைத் தாண்டுகிறது. பருவகாலம் இல்லை என்ற கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. மூன்று ஆண்டும் பிப்ரவரி கடைசி, மார்ச் அதற்கு முன், அக்டோபர் முதல் இடம். இந்தச் சோதனைக்கும் திருத்திய தரவே பயன்படுத்தப்பட்டது.

பருவகாலக் குறியீடு

ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு விகிதங்கள் கிடைத்தன. சராசரி எடுத்தபோது மொத்தம் 1201.5 வந்தது, 1200 வரவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் 0.9988-ஆல் பெருக்கியதில் கிடைத்தவை: ஜனவரி 120.1, பிப்ரவரி 67.0, மார்ச் 73.6, ஏப்ரல் 87.2, மே 98.7, ஜூன் 93.5, ஜூலை 103.9, ஆகஸ்ட் 95.6, செப்டம்பர் 83.9, அக்டோபர் 223.5, நவம்பர் 72.7, டிசம்பர் 80.4. (ஒரு தசமத்துக்குச் சுற்றியதால் கூட்டினால் 1200.1 வரும்.)

பழைய ஆண்டில் வைத்துச் சோதித்தது

2022, 2023 தரவை மட்டும் வைத்துக் குறியீடும் போக்கும் கணக்கிட்டு, 2024-ஐத் தெரியாதது போலக் கணித்துப் பார்த்தோம். தீபாவளித் திருத்தத்துக்கும் 2022-ன் பங்கான 75.6 சதவீதமே எடுக்கப்பட்டது. 2024-ன் எண் உள்ளே கசிந்தால் சோதனைக்குப் பொருளில்லை.

| முறை | சராசரிப் பிழை (லட்சம்) |
|---|---|
| 3 மாத நகரும் சராசரி | 6.40 |
| போன ஆண்டு இதே மாதம் | 4.85 |
| போக்கு × பருவகாலக் குறியீடு | 0.89 |

இரண்டாம் வரிசையைக் கவனிக்க வேண்டும். போன ஆண்டு இதே மாதம் என்பது கடைக்காரர்கள் மனக்கணக்காகப் பார்ப்பதுதான். அக்டோபர், நவம்பரை விட்டுவிட்டால் அதன் பிழை 1.37 லட்சம் மட்டுமே. அந்த இரண்டு மாதத்தில்தான் அது 23.9, 20.6 என்று சறுக்குகிறது. மூன்றாம் முறையில் அதிகப் பிழை ஆகஸ்ட் மாதத்தில், 1.44.

2025 முன்கணிப்பு

மையப்படுத்திய சராசரி ஜூலை 2022-ல் 18.067, ஜூன் 2024-ல் 20.717. இடைப்பட்ட 23 மாதத்தில் மாதத்துக்கு 0.1152 லட்சம் ஏற்றம். ஜூன் 2024-லிருந்து ஏழு மாதம் தள்ளி ஜனவரி 2025-ன் போக்கு 21.52, அதைக் குறியீட்டால் பெருக்கினால் 25.8.

| மாதம் | போக்கு | முன்கணிப்பு (லட்சம்) |
|---|---|---|
| ஜனவரி | 21.52 | 25.8 |
| பிப்ரவரி | 21.64 | 14.5 |
| மார்ச் | 21.75 | 16.0 |
| ஏப்ரல் | 21.87 | 19.1 |
| மே | 21.98 | 21.7 |
| ஜூன் | 22.10 | 20.7 |

மார்ச், ஏப்ரல் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரம்ஜான் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது: 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31-ஐ ஒட்டி. பெருநாள் துணி எடுப்பது முதல் ஆண்டில் ஏப்ரலுக்குள் முடிந்தது, அடுத்த ஆண்டில் மார்ச் கடைசியிலேயே தொடங்கியது. மார்ச் விகிதம் 71.7-லிருந்து 75.6-க்கு ஏறியதும் இதோடு ஒத்துப்போகிறது. இந்த ஆண்டு அது முழுவதும் மார்ச்சில் விழும். ஆகவே 16.0 குறைவாகவும் 19.1 அதிகமாகவும் இருக்க வாய்ப்புண்டு. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 35.1 லட்சம் என்று வைத்துக்கொண்டு, பெருநாள் சரக்கை மார்ச் முதல் வாரத்துக்குள் இறக்குவது பொருத்தம்.

தீபாவளிக்கும் இதே அணுகுமுறைதான். 2025-ல் அது அக்டோபர் 20. மூன்று ஆண்டுத் தரவில் இவ்வளவு முன்னால் வந்த தீபாவளி இல்லை, அதனால் 75 சதவீதப் பங்கை நேராகப் பொருத்த முடியாது. வாடிக்கையாளர் துணி எடுப்பதில் ஒரு பகுதி செப்டம்பர் கடைசிக்கே வந்துவிடும். செப்டம்பர் 18.8, அக்டோபர் 50.4, நவம்பர் 16.5 என்று சூத்திரம் தனித்தனியாகச் சொன்னாலும், சரக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்றும் சேர்ந்த 85.7 லட்சம். ஜூன் வரையிலான உண்மை விற்பனை வந்ததும் மையப்படுத்திய சராசரியை டிசம்பர் 2024 வரை நீட்டி, இந்த எண்ணை ஜூலையில் ஒருமுறை திருத்த வேண்டும்.