வீட்டுக்குப் புறப்படும் முன்: பைபாஸ் அறுவை முடிந்தவருக்கான சரிபார்ப்புத் தாள்

ஐயா, மார்ச் 2 அன்று உங்களுக்கு பைபாஸ் அறுவை நடந்தது. இன்று மார்ச் 10, செவ்வாய்க்கிழமை, வீட்டுக்குப் போகிறீர்கள். அம்மாவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வார்டு செவிலியர் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார். புரிந்த கட்டத்தில் மட்டும் டிக் போடுங்கள். புரியாததைத் தாண்டிப் போக வேண்டாம். வண்டி காத்திருக்கட்டும்.

☐ கையில் இருக்கிறதா? டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்கோ அறிக்கை, ஈசிஜி, காப்பீட்டு அட்டை, 15 நாள் மாத்திரை, மூன்று பந்து மூச்சுக் கருவி.

☐ மாத்திரை
காலை: மெட்டோபுரோலால், நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை.
மதியம் சாப்பிட்ட பின்: ஆஸ்பிரின்.
இரவு: மெட்டோபுரோலால், சர்க்கரை மாத்திரை, அட்டோர்வாஸ்டாட்டின்.

நீர் மாத்திரை 7 நாளுக்கு மட்டும். மற்றவற்றை உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

அம்மா, இது உங்களுக்கு: வீட்டு அலமாரியில் பழைய அம்லோடிபின் அட்டை இருப்பதாகச் சொன்னீர்கள். அது நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் இந்தப் புதிய சீட்டைக் காட்டிய பிறகே எதையும் வாங்குங்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ நேரும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள். சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது பாதிக்கும்.

☐ நெஞ்செலும்பு
நடு எலும்பை அறுத்துத் திறந்து, எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறோம். வெளியே தோல் ஆறினாலும் உள்ளே எலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். மே மாதக் கடைசி வரை தண்ணீர்க் குடம், உரமூட்டை, மண்வெட்டி, பைக் எதுவும் வேண்டாம். 2 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். பேரக்குழந்தை ஓடி வந்தால் உட்கார்ந்தபடி மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். குனிந்து தூக்க வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு எழுங்கள். கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, தம்பி.

☐ இருமலும் மூச்சும்
இருமல் வந்தால் அடக்காதீர்கள். மடித்த போர்வையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமுங்கள். இதை இப்போதே ஒருமுறை செய்து காட்டுங்கள். பந்துக் கருவியை ஊதக் கூடாது. காற்றை உள்ளே உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை.

☐ காயம்
தினமும் சோப்பு நீர் மெதுவாக ஓடவிட்டுக் குளியுங்கள். சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். அன்போடு யார் கொண்டுவந்தாலும் வேண்டாம்.

☐ கால் வீக்கமும் எடையும்
ரத்தக் குழாய் எடுத்த இடது கால் சற்று வீங்கும். உட்காரும்போது ஸ்டூலில் தூக்கி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இன்று உங்கள் எடை 61 கிலோ.

☐ நடை
முதல் வாரம் வீட்டு முற்றத்தில் 5 நிமிடம், நாளுக்கு நான்கு முறை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். வெயில் ஏறும் முன் நடப்பது நல்லது.

☐ கழிவறை
குந்தி உட்கார்ந்து கையூன்றி எழுவது நெஞ்செலும்புக்கு ஆகாது. நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி வாங்கிவிட்டதாகத் தம்பி சொன்னார், நல்லது. முக்க வேண்டாம். மலம் இறுகினால் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

☐ சாப்பாடு
ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். பீடி இனி ஒன்றுகூட வேண்டாம். புது ரத்தக் குழாயையும் அது அடைக்கும்.

☐ மனம்
காரணமில்லாமல் அழுகை வரலாம், தூக்கம் கலையலாம், எரிச்சல் வரலாம். இந்த அறுவைக்குப் பின் பலருக்கும் வருவதுதான், பலவீனம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

☐ எங்களை அன்றே அழையுங்கள் (எண் மருந்துச் சீட்டின் பின்புறம்)
காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல். காயத்தில் சிவப்பு, சீழ், நாற்றம். நெஞ்செலும்பில் ‘டக்’ என்ற அசைவு. ஒரே நாளில் 1 கிலோ அல்லது ஒரு வாரத்தில் 2 கிலோ எடை கூடுதல்.

☐ 108ஐ அழையுங்கள், யோசிக்க வேண்டாம்
நெஞ்சை அழுத்தும் வலி, படுத்தாலும் உட்கார்ந்தாலும் மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல். இரவு இரண்டு மணி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

☐ அடுத்த வருகை
மார்ச் 17, செவ்வாய், காலை 9 மணி. கால் தையல் பிரிப்போம். எடை நோட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, எடுத்து வாருங்கள்.