3.2 ஆய்வு வடிவமைப்பு: மூன்று ஏரிகளைத் தேர்ந்ததன் காரணம்

ஏரி நீர் பாயும் வயல்பரப்பான ஆயக்கட்டில் கிணறுகள் பெருகிய பிறகும், மடை திறந்து நீரைப் பங்கிட ஊரார் நெல் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தும் நீர்க்கட்டி முறை சில ஏரிகளில் நிலைப்பதும் சிலவற்றில் கைவிடப்படுவதும் ஏன் என்பதே இவ்வாய்வின் கேள்வி. ஒரே ஏரியை எடுத்து இரண்டு சம்பா பருவங்கள் தொடர்ந்து கவனிக்கலாம் என்பதே முதல் திட்டம். மடை திறப்பதை யார் முடிவு செய்கிறார்கள், நீர்க்கட்டிக்குக் களத்தில் எவ்வளவு நெல் அளக்கிறார்கள், யார் கொடுக்க மறுக்கிறார்கள் என்பனவற்றை அது நுணுக்கமாகக் காட்டியிருக்கும். ஆனால், அங்கே முறை சிதைந்திருந்தால் அதற்குக் கிணறு காரணமா, நிலம் வெளியூரார் கைக்குப் போனது காரணமா என்று பிரித்தறிய வழியிருக்காது. தனி நேர்வு ஆய்வுக்கு வலுச்சேர்க்கும் அரிய தன்மையோ, ஒரு கோட்பாட்டை முழுதாகச் சோதிக்கும் தகுதியோ உள்ள ஏரியும் கிடைக்கவில்லை.

எனவே மதுராந்தகம் வட்டத்தில் மூன்று ஏரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மூன்றும் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு கொண்டவை. நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஏரி 'அ'வின் ஆயக்கட்டில் 31 கிணறுகள், நீர்க்கட்டி உண்டு. ஏரி 'ஆ'வில் 94 கிணறுகள், நீர்க்கட்டி இல்லை. இவ்விரண்டோடு நிறுத்தியிருந்தால் 'கிணறு வந்தது, முறை போனது' என்ற பழகிய விடையே உறுதியாகியிருக்கும். அதை முறிக்கக்கூடியது ஏரி 'இ': 88 கிணறுகள் இருந்தும் நீர்க்கட்டி இன்னும் மடை திறக்கிறார். ஒப்பீட்டின் பலம் இந்த மூன்றாவது ஏரியில்தான் இருக்கிறது. கிணற்று எண்ணிக்கை அடங்கல் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டு, தூர்ந்த கிணறுகளை நீக்குவதற்காகக் களத்தில் நேரில் சரிபார்க்கப்பட்டது.

கிணறு குறைவு, நீர்க்கட்டியும் இல்லை என்ற நான்காவது வகைக்கு ஓர் ஏரியே கிடைத்தது. அதன் ஆயக்கட்டில் பெரும்பகுதி வீட்டுமனையாகிவிட்டதால், முறை நின்றதற்கான காரணமே வேறு; எனவே அது சேர்க்கப்படவில்லை. ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து அமைந்த ஏரிகளும் தவிர்க்கப்பட்டன. மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழியும் நீரே கீழ் ஏரிக்கு வரத்து என்பதால், மேலே மடையை அடைப்பதும் திறப்பதும் கீழே உள்ளவர்களின் முடிவை மாற்றும். அவற்றைத் தனித்தனி நேர்வுகளாக எண்ண முடியாது.

ஒப்பீட்டுக்காக ஆழத்தில் ஓரளவு விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு ஏரியிலும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஒரு பருவம் மட்டுமே கவனிக்கப்படும். 24 நேர்காணல்களும் மடை திறப்பு, அடைப்பு நாட்குறிப்பும் எடுக்கப்படும். மழை பொய்த்த ஆண்டில் முறை எப்படி இயங்குகிறது என்பதை நேரில் பார்க்க இயலாமல் போகலாம். அதற்கு முதியோரின் நினைவையே நம்ப வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஏரியின் வரலாறும் தனியே எழுதி முடித்த பின்னரே ஒப்பீடு தொடங்கும்; இல்லையெனில் 'அ'வில் கண்ட விளக்கத்தையே மற்ற இரண்டிலும் தேட நேரும். மூன்று ஏரிகளைக் கொண்டு மாவட்டத்தின் எல்லா ஏரிகளுக்கும் விழுக்காடு சொல்வது இவ்வாய்வின் நோக்கமன்று. கிணறு பெருகியும் நீர்க்கட்டி நீடிக்க எந்தச் சூழல் வேண்டும் என்ற விளக்கத்தை மட்டுமே பிற ஏரிகளில் சோதித்துப் பார்க்கலாம்.