பார்க்காத குன்றை எழுதிக் காட்டுதல்: தரம் 11 புவியியல், படவேலைக்கான வாசிப்பு

பிள்ளைகள், எங்களுக்கு ஒரு குறை இருக்கிறது. மலைநாட்டுப் பிள்ளை வீட்டு வாசலில் நின்றே சாய்வைப் பார்த்துவிடும். நாங்கள் ஏ9 வீதியால் பஸ்ஸில் போய், தம்புள்ளை கழிந்து மாத்தளைப் பக்கம் வந்தால்தான் மலை என்று ஒன்றை நெருங்கிப் பார்க்கிறோம். கீரிமலையில் பெயர்தான் மலை. போய் நின்றால் கேணியும் கடலும்தான். ஆனால் சமவுயரக்கோட்டை விளங்கிக்கொள்ள மலை தேவையில்லை. குளம் போதும்.

ஆடி மாதத்தில் வற்றிப்போன ஒரு குளத்துக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் இறங்க இறங்க, நின்ற இடமெல்லாம் பாசியும் சேறும் காய்ந்து வளையம் வளையமாகக் கோடு விட்டிருக்கும். ஒரு கோட்டின் மேலேயே நடந்து குளத்தைச் சுற்றி வந்தால் நீங்கள் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். ஏனென்றால் அது தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்ற விளிம்பு. சமவுயரக்கோடு என்பதும் அதுதான்: கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொட்டுச் செல்லும் கோடு. குளத்தின் கரை செங்குத்தாக இருக்கும் பக்கத்தில் வளையங்கள் நெருங்கிக் கிடக்கும். மாடு இறங்கும் சாய்வான பக்கத்தில் விலகிக் கிடக்கும். படத்திலும் அப்படியே: நெருக்கம் என்றால் செங்குத்து, விலகல் என்றால் மென்சாய்வு.

ஒரு எச்சரிக்கை. குளத்தை மேலிருந்து பார்த்தாலும் வளையம், குன்றை மேலிருந்து பார்த்தாலும் வளையம். எது எது என்று சொல்வது இலக்கம் மட்டும்தான். உள்ளே போகப் போக இலக்கம் கூடினால் குன்று, குறைந்தால் பள்ளம். கோடு 'V' போல மடியும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கினால் அது பள்ளத்தாக்கு, அநேகமாக அதில் ஓர் அருவி இறங்கும். கூர்முனை தாழ்ந்த பக்கத்தை நோக்கினால் மலை மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். இலக்கத்தை வாசிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதினால் மலையைக் குழியாக்கிவிடுவீர்கள். பரீட்சைத் தாளில் நான் பார்த்திருக்கிறேன்.

இனி அளவுத்திட்டம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். 2 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றர். இதை மட்டும் மனதில் வைத்தால் பாதிக் கணக்கு முடிந்தது. பழைய படங்கள் 1 மைலுக்கு 1 அங்குலம், 1:63,360. ஒரு மைலில் 63,360 அங்குலம் இருப்பதால் வந்த அந்த விநோத எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வளைந்த வீதியை அளக்க அடிமட்டம் உதவாது. நூலை வளைவோடு வளைவாக வைத்து, பிறகு நிமிர்த்தி அளக்க வேண்டும்.

போட்டோக்கொப்பியில் கவனமாக இருங்கள். படத்தைச் சிறிதாக்கி அடித்தால் 1:50,000 என்ற எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் அது பொய்யாகிவிடும். கீழே உள்ள கோட்டு அளவுத்திட்டம் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் அது மட்டும் உண்மை சொல்லும். போனில் படம் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் இதுதான் கதை.

சரி, குன்றுக்கு வருவோம். கற்பனைக் குன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவுத்திட்டம் 1:50,000, சமவுயர இடைவெளி 20 மீற்றர். மேற்கே A, கிழக்கே B. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, ஒரு கடதாசி விளிம்பை அதன்மேல் வைத்து, கோடுகள் வெட்டும் இடங்களைக் குறித்தோம். Aயிலிருந்து சென்ரிமீற்றரில் கிடைத்தவை இவை:

மேற்குப் பக்கம்: 100 மீ கோடு 0, 120 மீ 1.4, 140 மீ 2.4, 160 மீ 3.0, 180 மீ 3.4, 200 மீ 3.7, 220 மீ 3.9, 240 மீ 4.1.
உச்சி: 4.3இல், 251 மீ என்று புள்ளியிட்டு எழுதியிருக்கிறது.
கிழக்குப் பக்கம்: 240 மீ 4.4, 220 மீ 5.0, 200 மீ 5.6, 180 மீ 6.2, 160 மீ 6.8, 140 மீ 7.4, B இருக்கும் 120 மீ 8.0.

251 என்ற எண் இல்லாவிட்டால் உச்சியைப் பற்றி நமக்குத் தெரிவது 240இலும் கூட, 260இலும் குறைவு என்பது மட்டும்தான். சிலர் 250 என்று நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்.

குறுக்குமுகம் கீறும்போது நிலைக்குத்தாக 1 சென்ரிமீற்றருக்கு 50 மீற்றர் எடுங்கள். கிடையாக 500 மீற்றர், நிலைக்குத்தாக 50 மீற்றர் என்பதால் உயரம் 10 மடங்கு மிகைப்படுகிறது. மிகைப்படுத்தாமல் கீறினால் Aயிலிருந்து உச்சிவரையுள்ள 151 மீற்றர் ஏற்றம் வெறும் 3 மில்லிமீற்றர்தான் வரும். பென்சில் கோட்டோடு சேர்ந்து போய்விடும். எத்தனை மடங்கு என்பதைக் கட்டாயம் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் சிவனொளிபாதமலை என்று நினைத்துவிடுவார்.

இப்போது விபரிக்கும் பகுதி. போன தவணை ஒரு விடைத்தாளில், "இம்மலை உயரமாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் காணப்படுகிறது" என்று இருந்தது. எந்த மலைக்கும் இது பொருந்தும். நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: உங்கள் பத்தியைப் பக்கத்து வாங்கில் இருப்பவரிடம் கொடுங்கள். படத்தைப் பார்க்காமல் அவர் அந்தக் குன்றைக் கீற முடிய வேண்டும். இப்படி எழுதினால் முடியும்:

"A இலிருந்து B வரை மேற்குக் கிழக்காக 4 கிலோமீற்றர் நீளமான வெட்டு இது. மேற்கே 100 மீற்றர் உயரத்தில் தொடங்கும் நிலம் முதல் 700 மீற்றரில் 20 மீற்றர் மட்டுமே உயர்கிறது. சாய்வு விகிதம் 1:35. மேலே போகப் போகச் சாய்வு கூடி, 220 மீற்றருக்கும் 240 மீற்றருக்கும் இடையில் 1:5 ஆகிறது. ஆகவே மேற்குப் பக்கம் குழிவுச் சாய்வு. A இலிருந்து 2.15 கிலோமீற்றரில், 251 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய உச்சி உள்ளது. அதன் கிழக்கே 240 மீற்றரிலிருந்து B இல் 120 மீற்றர் வரை, 1.8 கிலோமீற்றருக்கு ஒரே சீராக 1:15 என்ற விகிதத்தில் நிலம் இறங்குகிறது. மேற்கு அடிவாரத்தை விட கிழக்கு அடிவாரம் 20 மீற்றர் உயரமானது."

நீளம், திசை, தொடங்கும் உயரம், எங்கே சாய்வு மாறுகிறது, உச்சி எந்த இடத்தில், மறுபக்கம் எப்படி. அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. எல்லாம் அடிமட்டத்திலிருந்து வந்தவை. 1:35 எங்கிருந்து வந்தது என்றால், 1.4 சென்ரிமீற்றர் 700 மீற்றர், அதை 20ஆல் வகுத்தோம். மற்ற இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

குழிவு, குவிவு என்பதில்தான் கூடுதலானவர்கள் தடுமாறுவார்கள். ஏறுகிறவரின் கழுத்தை வைத்து யோசியுங்கள். குழிவுச் சாய்வில் அடியில் இலகு, மேலே கடினம். அடிவாரத்திலிருந்து அண்ணாந்தால் உச்சி தெரியும். குவிவுச் சாய்வில் அடியிலேயே மூச்சு வாங்கும், நடுவில் வயிறு போலப் புடைத்துக்கொண்டு உச்சியை மறைக்கும். எங்கள் குன்றில் A இல் நிற்பவருக்கு உச்சி தெரியுமா என்று கேள்வி வந்தால் என்ன எழுத வேண்டும் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை வரும்போது அடிமட்டம், நூல், கூர்மையான பென்சில் மூன்றும் வேண்டும். இதே குன்றை B இலிருந்து A நோக்கி நடப்பவர் கண்ணால் விபரித்து ஒரு பத்தி எழுதி வாருங்கள். மாற்றிக்கொடுத்துக் கீறிப் பார்ப்போம்.