சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்: சாம்பிளிங், ஏலியாசிங், நைக்விஸ்ட் வீதம் – அலகுத் தேர்வு

லாஸ்பேட்டை மாலை வகுப்பு, புதுச்சேரி
நேரம்: 35 நிமிடம். மதிப்பெண்: 18

முதல் நான்கு கேள்விகளுக்குத் தலா 1 மதிப்பெண், மற்றவற்றுக்குத் தலா 2. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறையும். விடையளிக்காத கேள்விக்குக் கழிவு இல்லை. கால்குலேட்டர் கொண்டுவரலாம், ஆனால் அது தேவைப்படும் கேள்வி ஒன்றுதான். எல்லாக் கேள்விகளிலும் sinc(u) = sin(πu)/(πu). சாம்பிளிங் வீதம் fs, ஃபில்டர்கள் ஐடியல் என்றே கொள்க. பக்க ஓரத்தில் போட்டுப் பார்க்கும் கணக்கை அழிக்க வேண்டாம். விடை தப்பினால் எங்கே தப்பியது என்று நாங்கள் பார்ப்போம்.

1. x(t) = 5cos(2000πt) + 3sin(6000πt). இதன் நைக்விஸ்ட் வீதம்:
(அ) 2 கிலோஹெர்ட்ஸ்
(ஆ) 3 கிலோஹெர்ட்ஸ்
(இ) 6 கிலோஹெர்ட்ஸ்
(ஈ) 8 கிலோஹெர்ட்ஸ்

2. fs = 8 கிலோஹெர்ட்ஸ். cos(2π·1000t) தரும் அதே சாம்பிள்களைத் தராதது எது?
(அ) cos(2π·7000t)
(ஆ) cos(2π·5000t)
(இ) cos(2π·9000t)
(ஈ) cos(2π·17000t)

3. x(t) = sinc²(400t). நைக்விஸ்ட் வீதம்:
(அ) 200 ஹெர்ட்ஸ்
(ஆ) 400 ஹெர்ட்ஸ்
(இ) 1600 ஹெர்ட்ஸ்
(ஈ) 800 ஹெர்ட்ஸ்

4. தொலைபேசிக் குரல் 3400 ஹெர்ட்ஸில் வெட்டப்பட்டு, விநாடிக்கு 8000 சாம்பிள் எடுக்கப்படுகிறது. மூல ஸ்பெக்ட்ரத்துக்கும் அதன் அடுத்த நகலுக்கும் நடுவே உள்ள காலி இடைவெளி:
(அ) 1200 ஹெர்ட்ஸ்
(ஆ) 600 ஹெர்ட்ஸ்
(இ) 4600 ஹெர்ட்ஸ்
(ஈ) இடைவெளியே இல்லை

5. x₁(t) 2 கிலோஹெர்ட்ஸ் வரையும், x₂(t) 3 கிலோஹெர்ட்ஸ் வரையும் அதிர்வெண் கொண்டவை. பெருக்கல் x₁(t)·x₂(t), கன்வல்யூஷன் x₁(t)*x₂(t), கூட்டல் x₁(t)+x₂(t) ஆகியவற்றின் நைக்விஸ்ட் வீதங்கள், இதே வரிசையில், கிலோஹெர்ட்ஸில்:
(அ) 12, 10, 6
(ஆ) 6, 10, 10
(இ) 10, 4, 6
(ஈ) 10, 6, 4

6. sin(2π·7000t) என்ற சிக்னல் fs = 10 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் செய்யப்பட்டு, 5 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் வழியாக மீட்கப்படுகிறது. ஃபில்டரின் கெயின் 1/fs. வெளியீடு:
(அ) sin(2π·3000t)
(ஆ) –sin(2π·3000t)
(இ) sin(2π·2000t)
(ஈ) பூச்சியம்

7. மூன்று ஒரே மாதிரி இறக்கை கொண்ட டேபிள் ஃபேன், விநாடிக்கு 19.5 சுற்று வீதம் வலச்சுழியாகச் சுழல்கிறது. விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் படம் பிடித்தால், திரையில்:
(அ) விநாடிக்கு 10.5 சுற்று, இடச்சுழி
(ஆ) விநாடிக்கு 1.5 சுற்று, இடச்சுழி
(இ) விநாடிக்கு 0.5 சுற்று, வலச்சுழி
(ஈ) விநாடிக்கு 0.5 சுற்று, இடச்சுழி

*8, 9 ஆகிய கேள்விகளுக்கான தகவல்:* கடலூர் முதுநகரில், உப்பனாறு கடலோடு சேரும் இடத்தில் நீர்மட்டம் அளக்கும் கோல் ஒன்று நட்டிருப்பதாகக் கொள்க. மட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் இரண்டு பகுதிகளை மட்டும் கருதுவோம்: நிலவால் வருவது, அலைவுக்காலம் 12.42 மணி; சூரியனால் வருவது, அலைவுக்காலம் சரியாக 12 மணி.

8. தினமும் காலை 6 மணிக்கு ஒரே ஒரு முறை அளவு எடுத்துப் புள்ளிகளை இணைத்தால், நிலவின் பகுதி எவ்வளவு அலைவுக்காலம் கொண்ட அலையாகத் தெரியும்?
(அ) ஏறத்தாழ 14.8 நாள்
(ஆ) ஏறத்தாழ 29.5 நாள்
(இ) ஏறத்தாழ 1.93 நாள்
(ஈ) நேர்கோடாகத் தெரியும்

9. இனி 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு எடுக்கப்படுகிறது. சரியான கூற்று:
(அ) இரு பகுதிகளையும் பிழையின்றி மீட்கலாம்
(ஆ) இரண்டையும் மீட்க முடியாது
(இ) நிலவின் பகுதியை மீட்கலாம். சூரியனின் பகுதிக்கு வீச்சை உறுதியாகச் சொல்ல முடியாது
(ஈ) சூரியனின் பகுதியை மீட்கலாம். நிலவின் பகுதிக்கு முடியாது

10. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம் பட்டை முழுவதையும் கீழே இறக்காமல் நேரடியாக பேண்ட்-பாஸ் சாம்பிளிங் செய்ய வேண்டும். ஏலியாசிங் வராத மிகக் குறைந்த fs:
(அ) 40 மெகாஹெர்ட்ஸ்
(ஆ) 43.2 மெகாஹெர்ட்ஸ்
(இ) 54 மெகாஹெர்ட்ஸ்
(ஈ) 216 மெகாஹெர்ட்ஸ்

11. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று fs = 48 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. பவர் சப்ளையிலிருந்து 30 கிலோஹெர்ட்ஸ் குறுக்கீடு மைக் கம்பியில் ஏறிவிட்டது. பதிவிலுள்ள ஒலியைக் கெடுக்காமல் இதைத் தடுக்கும் வழி:
(அ) பதிவான பின் 30 கிலோஹெர்ட்ஸில் டிஜிட்டல் நாட்ச் ஃபில்டர்
(ஆ) பதிவான பின் 20 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் லோ-பாஸ் ஃபில்டர்
(இ) பதிவை மென்பொருளில் 96 கிலோஹெர்ட்ஸாக உயர்த்துவது
(ஈ) ஏடிசிக்கு முன்னால் அனலாக் லோ-பாஸ் ஃபில்டர்

---

விடைகளும் விளக்கமும் (தேர்வு முடிந்தபின் வழங்குவதற்கு)

1-இ, 2-ஆ, 3-ஈ, 4-அ, 5-இ, 6-ஆ, 7-ஈ, 8-அ, 9-இ, 10-ஆ, 11-ஈ

முதல் கேள்வியில் 5, 3 என்ற வீச்சுகளுக்கு வேலையே இல்லை. 6000π-ஐ 2π-ஆல் வகுத்தால் 3000. அதன் இருமடங்கு 6000. (ஆ)வைத் தொட்டவர்கள் இருமடங்காக்க மறந்தவர்கள். (ஈ)யைத் தொட்டவர்கள் இரண்டு அதிர்வெண்களையும் கூட்டி இருமடங்காக்கியவர்கள். கூட்டும் வழக்கம் பெருக்கலுக்குத்தான், ஐந்தாம் கேள்வியில் அது வருகிறது.

2: fs-இன் மடங்கைக் கூட்டினாலும் கழித்தாலும் சாம்பிள் மாறாது, கொசைனுக்குக் குறி மாறினாலும் மாறாது. 7000 – 8000 = –1000. 9000, 17000 இரண்டும் 1000-க்கு வந்துவிடும். 5000 மட்டும் 3000-இல் போய் நிற்கும்.

3: sinc(400t) என்பது 200 ஹெர்ட்ஸ் வரை நீளும் செவ்வக ஸ்பெக்ட்ரம். வர்க்கம் எடுத்தால் செவ்வகம் தன்னோடு தானே கன்வல்யூஷன் ஆகி 400 வரை நீளும் முக்கோணமாகும். ஆகவே 800. sinc-ஐ sin(u)/u என்று வரையறுக்கும் புத்தகங்களும் உண்டு. அதில் விடை வேறு. முகப்பில் உள்ள வரையறையை முதலில் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

4: அடுத்த நகல் 8000 – 3400 = 4600-இல் தொடங்கும். 4600 – 3400 = 1200. நடைமுறையில் எந்த ஃபில்டரும் செங்குத்தாக வெட்டாது. அந்த 1200 ஹெர்ட்ஸுக்குள் அது சரிந்து இறங்கலாம். 6800 போதும் என்று கணக்கு சொல்லியும் 8000 வைத்ததன் பயன் இதுதான்.

5: நேரத்தில் பெருக்கினால் அதிர்வெண்ணில் கன்வல்யூஷன், அகலங்கள் கூடும்: 2 + 3 = 5, வீதம் 10. நேரத்தில் கன்வல்யூஷன் செய்தால் அதிர்வெண்ணில் பெருக்கல், குறுகியது மட்டுமே மிஞ்சும்: 2, வீதம் 4. கூட்டலில் அகன்றது மிஞ்சும்: 3, வீதம் 6.

6: இந்தக் கேள்வியில் கொசைன் இருந்தால் எல்லாரும் சரியாகப் போடுவார்கள். சைன் வைத்ததே குறியைப் பார்க்கத்தான். n-ஆவது சாம்பிள் sin(1.4πn). அதிலிருந்து 2πn-ஐக் கழித்தால் sin(–0.6πn), அதாவது –sin(0.6πn). 3000 ஹெர்ட்ஸ்தான், ஆனால் தலைகீழாக. "10 – 7 = 3" என்று மனப்பாடமாகப் போட்டவர் (அ)வில் விழுவார். 7 – 10 = –3 என்று குறியோடு எழுதிப் பழகினால் அடுத்த கேள்வியும் தானாக வரும்.

7: இறக்கைகள் ஒரே மாதிரி இருப்பதால் கேமராவுக்குச் சுற்று தெரியாது, இறக்கை கடப்பதுதான் தெரியும். 19.5 × 3 = 58.5. அருகிலுள்ள மடங்கு 60. 58.5 – 60 = –1.5. இதை மூன்றால் வகுத்தால் –0.5 சுற்று. ஒரு இறக்கையில் மட்டும் சிவப்பு டேப் ஒட்டினால் கதை மாறும்: 19.5 – 30 = –10.5, டேப் (அ)வில் சொன்னபடி சுழலும். வீட்டில் செய்து பார்க்க வேண்டிய கேள்வி இது.

8: நாளொன்றுக்கு 24/12.42 = 1.932 அலைவு. fs நாளுக்கு 1. அருகிலுள்ள மடங்கு 2. வித்தியாசம் 0.0676, தலைகீழாக்கினால் 14.8 நாள். கால்குலேட்டர் இங்கே மட்டும்தான் வேண்டும்.

இந்த எண்ணைக் கண்டதும் சிலருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு இடையே இருப்பதும் சராசரியாக 14.8 நாள்தான். நிலவின் பகுதியும் சூரியனின் பகுதியும் சேர்ந்து பெருகித் தணியும் வீதம், இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்: 2 – 1.932. நாம் போட்ட அதே கழித்தல். ஆனால் உண்மையில் பெருகித் தணிவது ஏற்ற இறக்கத்தின் வீச்சு. நம் வரைபடத்தில் நீர்மட்டமே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குவதாகத் தெரியும். சூரியனின் பகுதியை முழுதாக அகற்றிவிட்டாலும் அந்த அலை வரைபடத்தில் அப்படியே நிற்கும். நாம் கருதிய இரண்டு பகுதிகளில் அப்படி ஓர் அலை கிடையாது. சரியான காரணம்போல் ஒன்று கையில் இருக்கும்போது ஏலியாசிங்கைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது; அதனால்தான் இந்தக் கேள்வியை வைத்தோம். சூரியனின் பகுதியோ தினமும் 6 மணிக்கு ஒரே கட்டத்தில் இருப்பதால் மாறாத எண்ணாகி, சராசரி நீர்மட்டத்தோடு கலந்துவிடும்.

9: 6 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 4 சாம்பிள். நிலவின் பகுதிக்கு வேண்டியது 3.86-க்கு மேல், தாராளம். சூரியனின் பகுதிக்கு நைக்விஸ்ட் வீதம் சரியாக 4. இங்கே "சமமாக இருந்தால் போதாதா?" என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். A cos(4πt + φ) என்று எழுதி, t = 0, 1/4, 2/4 நாள் என்று இட்டுப் பாருங்கள்: A cos φ, –A cos φ, A cos φ. கையில் கிடைப்பது A cos φ என்ற ஒற்றை எண். அதிலிருந்து A-ஐயும் φ-ஐயும் பிரிக்க வழியில்லை. φ = 90° என்றால் எல்லாச் சாம்பிளும் பூச்சியம்; சூரியன் இருந்த சுவடே இருக்காது. 5 மணி நேரத்துக்கு ஒன்று என்று மாற்றினால் தீர்ந்தது.

10: பேண்ட்வித் 20. மேல் எல்லையை அதனால் வகுத்தால் 108/20 = 5.4, முழு எண் 5. 2 × 108 / 5 = 43.2. (அ) ஏன் ஆகாது என்பதைப் படம் போட்டுப் பார்க்கவும்: fs = 40 என்றால் 20-இன் மடங்குகளில் மடிப்பு விழும், அதில் 100 நம் பட்டைக்கு நடுவிலேயே இருக்கிறது. 98-இல் உள்ள நிலையமும் 102-இல் உள்ள நிலையமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். 43.2-இல் மடிப்புகள் 86.4-இலும் 108-இலும் விழுவதால் பட்டை தப்பிக்கிறது. 54-ம் ஏலியாசிங் தராது, ஆனால் குறைந்தது அல்ல. 44-க்கும் 54-க்கும் நடுவே போனால் மீண்டும் சிக்கல், மடிப்பு கீழ் எல்லை 88-ஐத் தாண்டிப் பட்டைக்குள் விழும். "fs கூடினால் நல்லதுதான்" என்ற நம்பிக்கை பேண்ட்-பாஸில் செல்லாது.

11: 30 கிலோஹெர்ட்ஸ், பதிவில் 48 – 30 = 18 கிலோஹெர்ட்ஸாக உட்கார்ந்திருக்கும். (அ) தேடும் இடத்தில் அது இல்லை. 48-இல் ஓடும் பதிவில் 30 என்ற இடமே இல்லை. (ஆ) 18-ஐ உள்ளே விட்டுவிடும். (இ) 18-ஐ 18 ஆகவே எடுத்துப்போகும். 18-இல் நாட்ச் வைக்கலாமே என்றால், இசையில் அங்கே இருப்பதும் சேர்ந்து போகும். சாம்பிளுக்குள் நுழைந்தபின் இரண்டையும் பிரிக்கும் அடையாளம் எதுவும் மிச்சமில்லை. ஃபில்டர் ஏடிசிக்கு முன்னால் இருந்தாக வேண்டும், அதுவும் அனலாகாக.