தன்விவரக் குறிப்பு: மு. கார்த்திகா, சர்வர் மற்றும் பாரிஸ்டா

விண்ணப்பிக்கும் பணி: வெளிநாட்டு உணவகத்தில் சர்வர் அல்லது பாரிஸ்டா. இரண்டும் சேர்ந்த பணி என்றால் இன்னும் மகிழ்ச்சி.

வயது: 28. பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். ஆங்கிலப் பிரதியும் சான்றிதழ் நகல்களும் இணைப்பில் உள்ளன.

பணி அனுபவம்

2021 முதல் இன்று வரை: நட்சத்திர ஓட்டல் ஒன்றின் காபி ஷாப்பில் பாரிஸ்டா. காலை ஷிஃப்ட்டின் பொறுப்பு என்னுடையது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மெஷினில் பயிற்சி கொடுப்பதும் நான்தான்.

2018 – 2021: குடும்ப உணவகம் ஒன்றில் சர்வர். 2020 ஊரடங்கில் டைனிங் ஹால் மூடியிருந்தபோது பார்சல் கவுன்டரைக் கவனித்துக்கொண்டேன்.

பரிமாறும் விதம்

விருந்தினர் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம் மெனு. கை வேலையாக இருந்தாலும், "இதோ வந்துவிடுகிறேன்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் பெரும்பாலானோர் பொறுமையாகக் காத்திருப்பார்கள். ஆர்டரை இருக்கை வாரியாகக் குறித்து, திருப்பிச் சொல்லி உறுதி செய்வேன், தட்டு வரும்போது "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டியிருக்காது. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் தட்டை எடுக்க மாட்டேன். குழந்தை இருக்கும் மேசைக்குக் குழந்தையின் உணவு முதலில் போகும். வேலை விஷயமாகப் பேச வந்தவர்களிடம் குறுக்கிடாமல் இருப்பதும் நல்ல சேவைதான் என்று நம்புகிறேன்.

ரஷ் நேரத்தில்

மதிய ரஷ்ஷில் ஆறு மேசைகள், சுமார் 24 பேரைத் தனியாகக் கவனித்துப் பழகியிருக்கிறேன். எல்லா மேசைகளின் ஆர்டரையும் ஒரே நேரத்தில் கிச்சனுக்குத் தள்ள மாட்டேன். ஒரு மேசையின் ஆர்டரை பி.ஓ.எஸ்ஸில் போட்டுவிட்டுத்தான் அடுத்த மேசையில் எடுப்பேன். கிச்சனுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். உணவு கொண்டுபோகும்போதும் திரும்பும்போதும் கை வெறுமையாக இருக்காது. தாமதமாகும் என்று தெரிந்தால் விருந்தினர் கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுவேன். கிச்சன் கவுன்டரில் உணவு காத்திருப்பதைப் பார்த்தால், அது என் மேசைக்குரியதா என்று யோசிக்காமல் எடுத்துப் போவேன்.

காபி கவுன்டரில் காலை 8 மணிக்கு வரிசை வாசல் வரை நிற்கும். 18 கிராம் தூள், 36 கிராம் எஸ்பிரெஸ்ஸோ, 25 முதல் 30 விநாடி என்பதே அங்கே என் அளவுகோல். ரஷ்ஷில் கிரைண்டர் சூடாகி ஷாட் இறங்கும் நேரம் மாறினால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கிரைண்டை அங்கேயே திருத்துவேன். கெட்டுப்போன ஷாட்டை பாலில் மறைத்துக் கொடுப்பதில்லை. ஒரே வகைப் பால் கேட்கும் ஆர்டர்களைச் சேர்த்துச் செய்வேன். பாலை 60 – 65 டிகிரி செல்சியஸில் நிறுத்துவேன். ஒருமுறை சூடாக்கிய பாலை மறுபடி சூடாக்குவதில்லை. ஒவ்வொரு ஜக்குக்கும் பிறகு ஸ்டீம் வாண்டைத் துடைத்து, ஆவியைத் திறந்துவிடுவேன். லாத்தே ஆர்ட்டில் இதயமும் ரொசெட்டாவும் சீராக வரும். ஸ்வான் இன்னும் பயிற்சியில் இருக்கிறது.

மொழிகள்

தமிழ் தாய்மொழி. ஆங்கிலத்தில் ஆர்டர் எடுப்பது, புகாரைக் கேட்டுத் தீர்ப்பது, ஷிஃப்ட் குறிப்பு எழுதுவது எல்லாம் முடியும். மலையாளம் சரளமாகப் பேசுவேன், எழுத வராது. இந்தியில் ஆர்டர் எடுக்கவும் மெனுவை விளக்கவும் முடியும். அரபியில் வணக்கம், எண்கள், உணவுப் பெயர்கள் மட்டும். தொடர்ந்து கற்று வருகிறேன்.

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி

அடிப்படை உணவுச் சுகாதாரப் பயிற்சியும், ஹாசப் அறிமுக வகுப்பும் 2022இல் முடித்தேன். குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே, சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே என்பதைத் தெர்மாமீட்டரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் அன்றாட வேலை. முதலில் வந்த சரக்கு முதலில் போகும். திறந்த பால் பாக்கெட்டில் தேதி ஒட்டாமல் ஃப்ரிட்ஜில் வைக்க மாட்டேன்.

அலர்ஜி விஷயத்தில் ஊகித்துப் பதில் சொல்வதே இல்லை. கடலை, பால், எள், கோதுமை, இறால் என்று யார் எதைச் சொன்னாலும் டிக்கெட்டில் தனியாகக் குறித்து, செஃப்பிடம் நேரில் கேட்ட பிறகுதான் விருந்தினருக்குப் பதில். பாதாம் பாலுக்குத் தனி ஜக், தனித் துணி. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் மேலாளரிடம் சொல்லி வேலைக்கு வராமல் இருப்பேன். அறிகுறிகள் நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் திரும்புவேன்.

கல்வி

கேட்டரிங் டிப்ளமோ, 2017.

மற்றவை

இரவு ஷிஃப்ட், வார இறுதி, பண்டிகை நாட்கள் எல்லாவற்றிலும் வேலை செய்யத் தயார். இப்போதைய இடத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். விசா வந்ததும் கிளம்பலாம். மேலாளரும் முன்னாள் கேப்டனும் என்னைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீடியோ நேர்காணலுக்கு மாலை 4 மணிக்குப் பிறகு எந்த நாளும் வசதி. இந்த விண்ணப்பம் வந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பலாம். காபி போட்டுக் காட்டச் சொன்னால் கவுன்டரிலிருந்தே பேசுகிறேன்.