கோடு கோணாத மருத்துவமனைக் காரிடார்: பின்னணிப் படத்துக்கான பிராம்ப்ட்

ஆளே இல்லாத ஒரு மருத்துவமனைக் காரிடார் வேண்டும். கேமராவில் எடுத்த புகைப்படம் போல இருக்க வேண்டும், ஓவியச் சாயலே கூடாது. அகலம் 3000 பிக்சல், உயரம் 2000 பிக்சல். இது ஒரு அனிமேஷன் குறும்படத்துக்கான பின்னணி. இதன்மேல் மருந்து டிராலி தள்ளிக்கொண்டு வரும் ஒரு நர்ஸை நான் கையால் வரையப் போகிறேன், அவருடைய நிழலும் தரையில் விழும் பிம்பமும் உட்பட. என்னுடைய வழிகாட்டிக் கோடுகள் எல்லாம் படத்தின் நடுப்புள்ளியிலிருந்துதான் கிளம்புகின்றன, ஆகவே பின்னணியில் கோடு பத்து பிக்சல் விலகினாலும் டிராலிச் சக்கரம் தரையில் நிற்காமல் மிதக்கும். அழகு, மூடு எல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் கோடு நேராக இருக்கட்டும்.

கேமரா காரிடாரின் நட்டநடுவில், தரையிலிருந்து 1.35 மீட்டர் உயரத்தில், முக்காலியில் நிற்கிறது. மேலேயும் சாயவில்லை, கீழேயும் சாயவில்லை, பக்கவாட்டில் ஒரு டிகிரிகூடத் திரும்பவில்லை. ஃபுல் ஃபிரேம், 24 மி.மீ. லென்ஸ், f/8, கிட்டத்திலிருந்து கடைசிச் சுவர் வரை எல்லாமே தெளிவு. பீப்பாய் மாதிரி வெளியே வளைகிற லென்ஸ் கோளாறு துளியும் வேண்டாம். நீளவாக்கில் போகும் கோடுகள் எல்லாம் (கூரை ஓரம், கைப்பிடிக் கம்பி, தரை ஓரம், டைல் கோடு) x 1500, y 1000 என்ற ஒரே புள்ளியில்தான் போய்ச் சேர வேண்டும். செங்குத்தாக இருப்பது செங்குத்தாகவே நிற்கட்டும், குறுக்கே இருப்பது மட்டமாகவே இருக்கட்டும். மூன்றாவது வகைச் சாய்வு எங்கேயும் கிடையாது.

காரிடார் 2.4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், கேமராவிலிருந்து கடைசிச் சுவர் 40 மீட்டர். கேமரா சரிபாதி உயரத்தில் இருப்பதால் சுவரும் தரையும் சேரும் கோடு கீழ் விளிம்பை எங்கே தொடுகிறதோ, சுவரும் கூரையும் சேரும் கோடு மேல் விளிம்பை அதே இடத்தில்தான் தொடும்: இடப்பக்கம் x 611, வலப்பக்கம் x 2389. கடைசிச் சுவர் சின்னதாகத்தான் தெரியும், 120 பிக்சல் அகலம், 135 உயரம், அவ்வளவுதான். முன்பு வந்த படங்களில் அதை மூன்று மடங்கு பெரிதாக்கி ஒரு ஜன்னலும் வைத்து அதில் சூரிய வெளிச்சம் கொட்டியிருந்தது, காரிடாரின் நீளமே அதில் செத்துப்போனது. அங்கே சாத்திய இரட்டைக் கதவு ஒன்று போதும், சாம்பல் நிறம், ஒவ்வொரு பலகையிலும் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம்.

கூரை 60 செ.மீ. சதுர டைல் போட்ட ஃபால்ஸ் சீலிங். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2.4 மீட்டருக்கு நான்கு முழு டைல் சரியாகப் பொருந்தும், ஆனால் அப்படிப் போட்டால் நடுவில் டைல் வராது, இணைப்புக் கம்பிதான் வரும், விளக்கை நடுவில் வைக்க முடியாது. அதனால் நடுவில் மூன்று முழு டைல், இரண்டு ஓரத்திலும் பாதி டைல். விளக்கு எப்போதும் நடு டைலின் இடத்தில் உட்காரும், கம்பியை ஏறி மிதித்துக்கொண்டு நிற்காது. டைல் மங்கிய வெள்ளை, மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற நுண்ணிய புள்ளிகள், அதுவும் முதல் சில டைல்களில் தெரிந்தால் போதும்.

விளக்குகள் 60 செ.மீ. சதுர எல்.இ.டி. பேனல், மொத்தம் 13. முதல் பேனலின் மையம் கேமராவிலிருந்து 3 மீட்டரில், அப்புறம் ஒவ்வொன்றும் 3 மீட்டர் தள்ளி, அதாவது இரண்டு விளக்குக்கு நடுவில் நான்கு டைல். படத்தில் முதல் விளக்கின் மையம் நடுப்புள்ளிக்கு 900 பிக்சல் மேலே, இரண்டாவது 450, மூன்றாவது 300, நான்காவது 225 என்று, 900ஐ இரண்டால், மூன்றால், நான்கால் வகுத்துக்கொண்டே போகும். அகலமும் அப்படியே: முதலாவது 400 பிக்சல், இரண்டாவது 200, மூன்றாவது 133. முதல் பேனலின் முன்விளிம்பு படத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை.

எல்லா விளக்கும் ஒரே வெளிச்சம், ஒரே நிறம், 4000 கெல்வின். தூரத்தில் இருப்பதால் மங்கக் கூடாது. தள்ளிப் போகப் போக பேனல் சிறிதாகும், அதன் முகம் மங்காது. ஒன்றுகூட அணைந்திருக்க வேண்டாம், கண் சிமிட்ட வேண்டாம், பச்சை அடிக்க வேண்டாம். காலி மருத்துவமனைக் காரிடார் என்றாலே பேய்ப்படம்தான் என்று யார் முடிவு செய்தார்கள் தெரியவில்லை. இது நல்லபடியாக நடக்கிற ஒரு மருத்துவமனையின் விடியற்காலை, அவ்வளவே. பேனல் வெள்ளை வெளேரென்று பொங்கி ஓரம் கரைந்துவிடக் கூடாது, நான்கு விளிம்பும் கத்தி வைத்து நறுக்கியது போலத் தெரியட்டும், சுற்றிலும் ஒளிவட்டம் வேண்டாம். சுவர் முழுக்க வெளிச்சம் சமமாகப் பரவியிருக்க வேண்டும், விளக்குக்கு விளக்கு வில் மாதிரி நிழல் விழக் கூடாது.

சரி, இப்போது தரை. எல்லாப் படமும் இங்கேதான் வழுக்கி விழுகிறது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். தரை வெளிர் சாம்பல் வினைல், துடைத்து மெருகேற்றி நன்றாகக் காய்ந்தது. ஈரமும் இல்லை, குளமும் இல்லை. அதில் தெரியும் பிம்பம் கூரையைத் தலைகீழாகப் புரட்டி ஒட்டியதாக இருக்கக் கூடாது. தரைக்குக் கீழே 2.7 மீட்டர் ஆழத்தில் இன்னொரு கூரை இருக்கிறது, அதைத் தரை வழியாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள். அந்தக் கூரை கேமராவுக்கு 4.05 மீட்டர் கீழே, நிஜக் கூரையோ 1.35 மீட்டர்தான் மேலே. ஆகவே ஒரு விளக்கு நடுப்புள்ளிக்கு எவ்வளவு மேலே தெரிகிறதோ, அதைப் போல மூன்று மடங்கு கீழே அதன் பிம்பம் தெரியும். மூன்றாவது விளக்கு 300 பிக்சல் மேலே, பிம்பம் 900 பிக்சல் கீழே. நான்காவதன் பிம்பம் 675, ஐந்தாவதன் பிம்பம் 540, ஆறாவது 450. முதல் இரண்டு விளக்குகளின் பிம்பம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். மேலே 13 விளக்கு, தரையில் 11 பிம்பம், இந்தக் கணக்கு தப்பக் கூடாது.

இன்னொன்று, பிம்பத்தின் அகலம் அந்த விளக்கின் அகலமேதான். மூன்றாவது பேனல் மேலே 133 பிக்சல் அகலம், 20 பிக்சல் உயரம் என்றால், தரையில் அதே 133 அகலம், சுமார் 60 உயரம். கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை முதல் விளக்கைப் போல 400 பிக்சலுக்கு ஊத வைத்தால் தரை சரிந்து பள்ளமாகத் தெரியும். மையம் எல்லாமே x 1500இல், ஒன்றின் கீழ் ஒன்று. அலை, நெளிவு, பக்கவாட்டுச் சறுக்கல் எதுவும் வேண்டாம். மெருகு கண்ணாடி அளவுக்கு இருக்காது என்பதால் ஓரம் கொஞ்சம் மென்மையாகலாம், ஆனால் அந்த மென்மை மேல்கீழாக மட்டும்தான் இழுபட வேண்டும். தரையைத் தொட்டு நிற்கும் பொருளின் பிம்பம் கூர்மையாகவும், உயரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் சற்று மங்கலாகவும் இருக்கட்டும். காலடியில் பிம்பம் மெலிதாகத் தொடங்கி, தூரம் போகப் போகப் பளபளப்பு ஏறும். ஒன்பதாவது விளக்குக்கு அப்பால் பிம்பங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வெண்பட்டையாகிவிட்டால் அது இயல்புதான்.

தரை தரையாகத் தெரிய ஒரு அடையாளமும் வேண்டும். வினைல் ஷீட் 2 மீட்டர் அகலம், இடச்சுவரிலிருந்து விரித்தது, எனவே வெல்டு போட்ட இணைப்புக் கோடு நடுவில் வராது. வலச்சுவருக்கு 40 செ.மீ. முன்னால் ஓடும், கீழ் விளிம்பை x 2090 பக்கத்தில் தொடும். தரையைவிட ஒரு சாயல் அடர்ந்த மெல்லிய கோடு, பிம்பங்களின் மேலாகப் போகும். சுவரோரம் வினைல் வளைந்து 10 செ.மீ. மேலேறி ஸ்கர்ட்டிங்காக முடியும்.

இரண்டு சுவரிலும் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பி, சுவரிலிருந்து 8 செ.மீ. முன்தள்ளி. கண்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அது தூரம் போகப் போக மேலேறும். படத்தின் பக்க விளிம்பில் y 1600 அளவில் தொடங்கி நடுப்புள்ளிக்குப் போகும். அதன் பிம்பக் கோடு கீழ் விளிம்பை ஏறக்குறைய x 1000இலும் 2000இலும் தொடும். கதவு வரும் இடத்தில் மட்டும் கம்பி விட்டுவிட்டுத் தொடரும், பிம்பமும் அங்கே விட்டுப்போக வேண்டும். சுவர் மேலே வெள்ளை, கம்பிக்குக் கீழே இளம்பச்சை.

கதவுகள் 1.2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், எல்லாம் சாத்தியவை. இடப்பக்கம் 5 மீட்டரில் முதல் கதவு, பிறகு 9 மீட்டருக்கு ஒன்று, வலப்பக்கம் 9.5 மீட்டரில் தொடங்கி அதே இடைவெளி. பக்கச் சுவரில் இருப்பதால் கதவு ஒல்லியாகத்தான் தெரியும். இடப்பக்க முதல் கதவு 840 பிக்சல் உயரம், அகலமோ 93 பிக்சல்தான். கேமராவைப் பார்த்துத் திரும்பி நிற்கிற கதவு ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கதவின் முன்விளிம்பு x 1020இல் நிற்கிறது என்றால், தரையில் அதன் பிம்பமும் x 1020இலேயே செங்குத்தாக இறங்க வேண்டும்.

எழுத்து, எண், அம்புக்குறி, பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம், அதையெல்லாம் நானே வைத்துக்கொள்கிறேன். மனிதர், நிழலுருவம், சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், செடித்தொட்டி, மூட்டம், பக்க ஜன்னல் வெளிச்சம், நீலச் சாயம், படத்தின் ஓரம் இருட்டாவது, எதுவும் வேண்டாம். தரையில் தூசி, காலடித் தடம் வேண்டாம். ஆனால் படத்தில் தெரியும் தரையின் முதல் இரண்டு மீட்டரில் டிராலிச் சக்கரம் உரசிய ஒன்றிரண்டு மயிரிழைக் கோடு இருந்தால் நல்லது, அதுவும் நடுப்புள்ளியை நோக்கியே ஓடட்டும்.

முதலில் ஒரே ஒரு படம் கொடு, நான்கு வேண்டாம். என் கோடுகளை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, பொருந்தினால் இதே கேமரா, இதே அளவுகளில், ஒன்று விட்டு ஒன்றாக விளக்கு எரிகிற இரவுக் காட்சியைக் கேட்கிறேன்.