மல்லிகா அக்காவுக்கு: காலை வணக்கப் படங்கள் பற்றி ஒரு வேண்டுகோள்

அன்புள்ள மல்லிகா அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நேரில் பேச உட்கார்ந்தால் ஊர்க்கதையிலேயே பொழுது போய்விடும் என்பதால், கேட்க வேண்டிய ஒன்றை எழுத்திலேயே கேட்டுவிடலாம் என்று இதை அனுப்புகிறேன். நீங்கள் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களை இனிமேல் எனக்கு அனுப்ப வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பால் பாக்கெட் வருவதற்கு முன்பே உங்கள் படம் வந்துவிடுகிறது. பனித்துளி நிற்கும் தாமரை, ஆவி பறக்கும் காபி டம்ளர், அதன் மேல் மினுக்கும் எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’, செவ்வாய்க்கிழமையானால் முருகன், வெள்ளிக்கிழமையானால் அம்மன் என்று நாள் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறீர்கள். அதில் இருக்கும் அக்கறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் மகன் வாங்கிக் கொடுத்த இந்த போனில் மொத்தமே 32 ஜிபி இடம்தான். அதிலும் போன் இயங்குவதற்கு வேண்டியவையே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரு படம் சில நூறு கேபிதான் என்றாலும் நாள்தோறும் சேரும்போது அது பெரிய குவியலாகிவிடுகிறது. விளக்கு எரிவது போலவும் பூ விரிவது போலவும் அசையும் வீடியோக்களோ ஒவ்வொன்றும் பல எம்பி பிடிக்கின்றன.

என் தையல் வேலையும் இந்த போனை நம்பித்தான் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணப் பெண், தன் பிளவுஸுக்கு வேண்டிய முதுகுப்பக்க டிசைனைப் படமாக அனுப்பியிருந்தாள். போனில் இடமில்லை என்று அது திறக்கவே இல்லை. துணியை வெட்டுவதற்குக் குறித்து வைத்திருந்த நேரத்தில், நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தேன். பேரன் முதன்முதலில் நடந்த வீடியோ எங்கே தவறி அழிந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழிக்கவும் கை வரவில்லை.

படம் தானாக இறங்காமல் நிறுத்தி வைக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். மகனும் அதைச் சொன்னான். ஆனால் வாட்ஸ்அப்பில் அதை நிறுத்தினால் உங்கள் படத்துக்கு மட்டுமல்லாமல், வாடிக்கையாளர்கள், மகள் என்று எல்லோருடைய படத்துக்கும் சேர்த்துத்தான் நிற்கும். பிறகு ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இறக்க வேண்டும். ஒருவர் அனுப்புவதை மட்டும் கேலரியில் தெரியாமல் வைக்க வழி இருக்கிறதாம், ஆனால் கண்ணில் படாவிட்டாலும் அது போனில் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பேக்கப்பும் இப்போது கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில்தான் சேர்கிறது. அதுவும் நிரம்பும் நிலையில் இருக்கிறது.

அதே சமயம், காலையில் உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் எனக்கு மனம் நிலைகொள்ளாது. மாமா போன பிறகு நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். உங்கள் படம் வந்துவிட்டால், அக்கா எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று நிம்மதியாக வாசல் தெளிக்கப் போவேன். அதனால் படத்துக்குப் பதிலாக ‘எழுந்துட்டேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை அடித்து அனுப்புங்கள். எழுத்து மட்டும் என்றால் இடமே பிடிக்காது. கண்ணாடி போட்டு எழுத்துகளைத் தேடுவது சிரமமாக இருந்தால், மைக்கை அழுத்தி இரண்டு வார்த்தை பேசி அனுப்பினாலும் போதும். உங்கள் குரலைக் கேட்பது எனக்கு எந்தப் படத்தையும்விடப் பிடித்தமானது. பொங்கல், தீபாவளி, உங்கள் வீட்டு விசேஷம் என்றால் தாராளமாகப் படம் அனுப்புங்கள். உங்கள் மாடியில் பூத்த செம்பருத்தியை நீங்களே எடுத்து அனுப்பினால் ஆசையோடு பார்ப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் பிறருக்கு அனுப்பும் படங்கள் உங்கள் போனிலும் தங்குகின்றன. போன் அடிக்கடி நின்று நின்று போகிறது என்று அன்று வருத்தப்பட்டீர்களே, இடம் நிரம்பியதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி காலடிப்பேட்டையில் இறங்கி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் அமைப்புகளில், எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது; இருவரும் சேர்ந்து பார்த்து, மாமாவின் படங்களையெல்லாம் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை நீக்கிவிடலாம். உங்கள் பச்சைப் பட்டு பிளவுஸும் தயாராக இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். அன்று வேறு வேலை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
சரஸ்வதி
தண்டையார்பேட்டை